இந்தப் பக்கம் இங்கே இல்லை

களமசேரியில் வடக்கேடன் மிக்சி கம்பெனியின் மாடி அலுவலகத்தில் பிரசீதாவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. எந்த மாடலுக்கு எந்த ஜார் பொருந்தும் என்று கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பாகத்தின் எண்ணைச் சொல்லிவிடுவாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் போனை எடுக்கிற வேலைக்கு வந்தவள். அப்புறம் கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வந்தது. அதில் என்ன எழுதுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. போனில் ஜனங்கள் என்ன கேட்பார்கள் என்று தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அதனால் எழுதுகிற வேலை தானாகவே இவள் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வெப்சைட்டில் இவள் எழுதியது நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் இவளுக்குப் பிரியமான பக்கம் எது தெரியுமா? யாரும் தேடி வராத பக்கம். முகவரியைத் தப்பாக அடித்தவர்களும், எடுத்துவிட்ட பக்கத்தைத் தேடி வந்தவர்களும் போய் முட்டிக்கொள்கிற பக்கம். 'இந்தப் பக்கம் இங்கே இல்லை. தவறு உங்களுடையது அல்ல. உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று மூன்று வரி. அதன் கீழே ஒரு தேடும் பெட்டி. அதற்குக் கீழே நான்கு வழி: வாரன்டி, உதிரி ஜார், சர்வீஸ் சென்டர், போன் எண். அவ்வளவுதான். படம் கிடையாது, பளபளப்பு கிடையாது. ஒன்பது வருஷமாக அந்தப் பக்கத்தை யாரும் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. மோசம் என்றும் சொன்னதில்லை. இவள் மட்டும் எப்போதாவது ஒரு தப்பு முகவரியை அடித்து அதைத் திறந்து பார்ப்பாள். நமக்கென்று ஒரு இடம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு.

இந்த வருஷம் மார்ச்சில் அனகா வந்தாள்.

இருபத்தாறு வயது, பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பியவள். டிசைனர். சிரித்தால் அலுவலகம் முழுக்கக் கேட்கும். முதலாளி குரியாக்கோஸ் சார் யாருடைய பெயரையும் ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். பிரசீதாவையே முதல் இரண்டு வருஷம் பிரேமா என்றுதான் கூப்பிட்டார். அந்த மனுஷன் அனகாவின் பெயரை இரண்டாம் நாளே சரியாகச் சொன்னார். அன்றைக்கே பிரசீதாவுக்கு வயிற்றில் புகைய ஆரம்பித்துவிட்டது. அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

வெப்சைட்டை மொத்தமாகப் புதுப்பிப்பது என்று ஏப்ரல் கடைசியில் முடிவானது. காக்கநாட்டிலிருந்து ஒரு வெளி ஆள் கூட்டம் வந்து புரோகிராம் எழுதியது. வரைவது அனகா, எழுதுவது பிரசீதா. ஜூலையில் ஒரு நாள் குரியாக்கோஸ் சார் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்: "இப்படி ரெண்டு பேர் கையில இருந்தா ஒண்ணும் நகராது. ஓணம் முடியட்டும். உங்கள்ல ஒருத்தர்தான் வெப்சைட்டுக்குத் தலை. மத்தவங்க அவங்களுக்குக் கீழ. யாருன்னு வேலைய வச்சு முடிவு பண்ணுவேன்."

பதினாறு வருஷம் ஒரே இடத்தில் உழைத்தவள், ஆறு மாசம் ஆகாத ஒரு பெண்ணுக்குக் கீழே போவதா? பிரசீதா அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தின் பேச்சு வந்தது. அனகா பெரிய திரையில் பழைய வெப்சைட்டை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

"அய்யோ, யாரு சாரே இத எழுதினது? ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். குரியாக்கோஸ் சாரும் சிரித்தார். பிரசீதாவும் சிரித்தாள், வேறு என்ன செய்வது? வாடிக்கையாளர் போன் எடுக்கிற லிஜி மட்டும் சிரிக்காமல் பிரசீதாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் இன்னும் மோசம்.

காக்கநாட்டு ஆள் ஒருவன் இடையில் புகுந்தான். "இதுக்கு எதுக்குத் தனியா ஒரு பக்கம்? தப்பான முகவரில வர்றவங்க எல்லாரையும் நேரா முகப்புக்குத் தள்ளி விட்டுடலாம். வேல முடிஞ்சுது."

பிரசீதா வாயைத் திறப்பதற்குள் அனகா சொல்லிவிட்டாள். "அது கூடாது. வாரன்டி தேடி வந்த ஆளு முகப்புல போய் நின்னா, தான் எங்க இருக்கோம், தேடினது இருக்கா இல்லையான்னே அவருக்குப் புரியாது. இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும். கூகுளுக்கும் 'இது இல்லை'ங்கிற நானூத்தி நாலு எண்ண ஒழுங்கா அனுப்பணும். இல்லன்னா செத்த பக்கத்த எல்லாம் உசுரோட இருக்குன்னு அது நெனச்சுக்கும். சொல்லிட்டு, அப்புறம்தான் வழி காட்டணும்."

அட, இது அப்படியே நான் சொல்ல வேண்டியது! பிரசீதாவுக்குத் தொண்டைவரை வந்தது திரும்ப உள்ளே போனது. அந்தப் பெண் முட்டாளாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்கு வேலை தெரிந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் அனகாவின் புதுப் பக்கம் தயாரானது. ஒரு யானை. தலையில் மிக்சி ஜாரைக் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாமல், திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தட்டுத் தடுமாறி நடக்கும். 'அச்சோ! ஆனைக்கும் வழி தப்பிவிட்டது!' என்று மேலே எழுத்து. கீழே வட்ட வட்டமாக மூன்று பட்டன்: முகப்பு, பொருட்கள், சர்வீஸ். அலுவலகமே கொண்டாடியது. கணக்குப் பிரிவு ஆட்கள்கூட மாடியேறி வந்து யானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குரியாக்கோஸ் சார் தன் மனைவிக்குப் போனில் அனுப்பினார். தன் ஒன்பது வருஷப் பக்கத்தை அவர் யாருக்காவது அனுப்பியிருப்பாரா என்று பிரசீதா யோசித்தாள். அப்படி ஒரு பக்கம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

வீட்டில் அவள் புருஷன் வினயன் கேட்டான். "என்னடி, முகம் பாகற்காய் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல ஆனை வந்திருக்கு."

"மதம் புடிச்ச ஆனையா?"

"ஆனைக்குப் புடிக்கல. எனக்குத்தான் புடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

வெப்சைட் ஒரு வியாழக்கிழமை வெளியாவதாக இருந்தது. அதற்கு முந்தைய வியாழன் மதியம் அனகாவிடமிருந்து ஒரு மெயில். 'சேச்சி, சோதனைத் தளத்தில் எல்லாம் ஏற்றியாயிற்று. வழி தப்பியவர்கள் பக்கத்தை மட்டும் நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். எங்கெல்லாம் ஜனங்கள் தடுமாறுவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.'

பிரசீதா அதைப் படித்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தாள். மிக்சி டப்பாவோடு வருகிற வாரன்டி கார்டு ஒன்றை எடுத்தாள். கார்டின் கீழே சின்ன எழுத்தில் வாரன்டி பதிவு செய்கிற வெப் முகவரி இருக்கும், பக்கத்தில் போன் கேமராவில் காட்டினால் அதைத் திறக்கிற QR கட்டமும் இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே லட்சக்கணக்கில் அச்சடித்து, ஓணத்துக்கு விற்கிற டப்பாக்களுக்குள் எல்லாம் போட்டு ஒட்டியாகிவிட்டது. இந்த ஓணத்துக்கு மிக்சி வாங்கி, திருவோணத்துக்குள் வாரன்டி பதிவு செய்தால் சட்னி ஜார் ஒன்று இலவசம். அதனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த முகவரிக்குத்தான் வருவார்கள்.

அவள் அந்த முகவரியைச் சோதனைத் தளத்தில் அடித்தாள். யானைப் பக்கம் வந்தது. அதாவது, பழைய வாரன்டி முகவரியைப் புது இடத்தோடு யாரும் இணைக்கவில்லை. அது பழைய வெப்சைட்டின் மெனுவில் இருந்ததில்லை, கார்டில் மட்டும்தான் இருந்தது. மெனுவைப் பார்த்துப் பட்டியல் போட்டவர்கள் கண்ணில் அது படவில்லை.

அது மட்டுமா? யானையும் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். 'ஆனைக்கும் வழி தப்பிவிட்டது' என்ற எழுத்து மட்டும் தனியாக நின்றது. பிரசீதா 'சர்வீஸ்' பட்டனை அழுத்தினாள். அதே பக்கம் திரும்ப வந்தது. இன்னொரு தரம் அழுத்தினாள். அதே பக்கம். நான்கு தரம் அழுத்தினாள், நான்கு தரமும் அதே வெறும் கட்டம்.

என்ன நடக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளே முட்டி மோதித் தெரிந்துகொண்டது அது. இந்தப் பக்கம் ஒன்றுதான் எந்த முகவரியிலும் தோன்றும். மற்ற பக்கத்துக்கெல்லாம் ஒரு இருப்பிடம் உண்டு, இதற்குக் கிடையாது. அதனால் இதில் வைக்கிற ஒவ்வொரு வழியையும் தளத்தின் தலைவாசலிலிருந்து தொடங்கி எழுத வேண்டும், முன்னால் ஒரு சாய்கோடு (/) போட்டு. அது இல்லாவிட்டால், ஆள் நிற்கிற இடத்திலிருந்தே வழியைக் கணக்குப் போடும். வாசலில் நிற்பவரிடம் 'வலது பக்கம் இரண்டாவது கதவு' என்றால் சரியாகப் போவார். உள்ளே மூன்றாவது அறையில் நிற்பவரிடம் அதையே சொன்னால் எங்கே போவார்? அனகா சும்மா 'abc' என்று ஒற்றைச் சொல்லைத் தலைவாசலுக்கு அடுத்து அடித்துப் பார்த்திருப்பாள். அங்கே எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். வாரன்டி முகவரி இரண்டு அறை தள்ளி உள்ளே இருந்தது.

ஒரு சாய்கோடு. அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அனகா சிரிப்பது கேட்டது. குரியாக்கோஸ் சார் அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆனைக்கு ஓணத்துக்கு ஒரு நெற்றிப்பட்டம் போட்ருவோமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரசீதா பதில் அடித்தாள். 'பார்த்தேன். நன்றாக இருக்கிறது.' அனுப்பினாள். கார்டைத் திரும்ப டிராயருக்குள் வைத்து மூடினாள். அதை அவள் பிற்பாடு நிறைய தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு வாரம் இருந்தது. எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். டீ எடுக்கப் போகும்போது சொல்லியிருக்கலாம், லிப்டில் சொல்லியிருக்கலாம். லிப்டில் ஒருநாள் அனகா, "சேச்சி, உங்க கம்மல் சூப்பர்," என்றாள். பிரசீதா, "பழசு மோளே," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வியாழன் காலை வெப்சைட் வெளியானது. கேக் வெட்டினார்கள். யானைப் படம் போட்ட கேக்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லிஜியின் போன் அடிக்கத் தொடங்கியது. அப்புறம் நிற்கவே இல்லை. ஓணத்தின் தொடக்க நாளான அத்தம் கழிந்து கடைகளில் கூட்டம் முட்டி மோதுகிற நேரம். ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு வருகிற இடத்தில் மதியத்துக்குள் முந்நூறு. லிஜிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிரசீதாவும் பழைய பழக்கத்தில் ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஒற்றப்பாலத்திலிருந்து ஒரு அம்மா. "மோளே, ஆனைக்கு வழி தப்பிடுச்சுன்னு எழுதிருக்கு. ஆனை எக்கேடு கெட்டுப் போகட்டும். என் சட்னி ஜார் எங்க?"

"அம்மா, நான் பதிவு பண்ணித் தரேன். கார்டுல இருக்கிற எண்ணச் சொல்லுங்க."

"காலைலேர்ந்து அந்தச் சர்வீஸ அமுக்கி அமுக்கி வெரலு வலிக்குது. கேலி பண்றீங்களாடி எங்கள? பையன் துபாய்ல இருக்கான், எனக்கு இதெல்லாம் சொல்லித் தர ஆள் இல்ல. எனக்குத்தான் போன் பார்க்கத் தெரியலன்னு நெனச்சு அழுதே புட்டேன்."

"தப்பு உங்களோடது இல்லம்மா," என்றாள் பிரசீதா. சொன்ன பிறகுதான் அது தன் வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தவள், அந்த அம்மாவை இரண்டு தரம் திரும்பச் சொல்ல வைத்தாள். காதில் எதுவுமே ஏறவில்லை.

மூன்று மணிக்கு குரியாக்கோஸ் சார் அறையில் கூட்டம். அவர் கத்துகிற ஆள் இல்லை, அன்றைக்குக் கத்தினார். "மூணு மாசம் உக்காந்து ஆனை வரைஞ்சீங்களே, ஒரு ஆளாவது அந்தக் கார்ட எடுத்துப் பார்த்தீங்களா? போட்டிக் கம்பெனிக்காரன் சிரிக்கிறான்!"

அனகாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "என் தப்புதான் சார். ஒரே ஒரு முகவரியத்தான் போட்டுப் பார்த்தேன். இன்னிக்கே சரி பண்றேன்."

"நீ பண்ணுவே. பிரசீதா கூட இருக்கட்டும். அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

ஒன்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அவளுக்குத்தான் தெரியும். வந்து விழுந்துவிட்டது. பிரசீதா தரையில் இருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். வழி தப்பிய வருகைகள் எல்லாம் வெப்சைட்டின் பதிவேட்டில் வரிசையாக இருந்தன: எந்த முகவரியைக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அதிகம் கேட்கப்பட்டதை மேலே வைத்து அடுக்கினார்கள். வாரன்டி, உதிரி ஜார், பழைய சமையல் புத்தகம், மூடிவிட்ட கோட்டயம் சர்வீஸ் சென்டர். போக இடம் இருக்கிறவற்றை எல்லாம் நேரே புது இடத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற, யாராலும் ஊகிக்க முடியாத தப்புகளுக்குத்தான் அந்தப் பக்கம். அதில் எல்லா வழிக்கும் முன்னால் சாய்கோடு போட்டார்கள். தேடும் பெட்டி திரும்ப வந்தது, போன் எண் வந்தது, நான்கு வழியும் வந்தன. யானையை அனகா கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி மூலையில் நிற்க வைத்தாள். தலையிலிருந்த ஜாரை எடுத்துவிட்டாள்.

பிறகு, இது எப்படிச் சோதனையில் தப்பியது என்று பார்க்கச் சோதனைத் தளத்தின் பதிவேட்டைத் திறந்தாள். மெல்ல மெல்ல வரிவரியாகக் கீழே நகர்த்தினாள் அனகா. வெளியீட்டுக்கு முந்தைய வாரத்து வியாழன். மதியம் மூன்று ஐம்பது. வாரன்டி முகவரி. அதன் கீழே 'சர்வீஸ்' கேட்டு வந்த வருகை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் அலுவலகத்துக்குள்ளிருந்து, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. மூன்று ஐம்பத்தாறுக்கு வந்த மெயிலில், 'பார்த்தேன், நன்றாக இருக்கிறது' என்று இருக்கிறதே.

அனகா அந்த வரிகளில் நின்றாள். அப்புறம் அடுத்த வரிகளுக்கு நகர்த்தினாள்.

"அது நான்தான்," என்றாள் பிரசீதா.

"தெரியும் சேச்சி. நேத்து ராத்திரியே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் சார்கிட்ட சொல்லல?"

அனகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. எனக்கு உங்களப் பார்க்கவே புடிக்கல இப்ப. ஆனா சொன்னா மட்டும், நான் ஒழுங்காப் பார்க்காதது இல்லைன்னு ஆயிடுமா? நீங்க சொல்லலங்கிறது உங்க பாடு. நான் பார்க்கலங்கிறது என் பாடு." மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "நான் அப்படி என்ன பண்ணிட்டேன் சேச்சி உங்களுக்கு?"

ஆஸ்பத்திரி வராந்தா என்று சொன்னாய் என்று சொல்லலாம். உன் பெயரைச் சார் இரண்டாம் நாளே சரியாகச் சொன்னார் என்று சொல்லலாம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு சின்னதாக இருக்கும்!

"பக்கத்தோட மேல என்ன எழுதணும்?" என்று கேட்டாள் பிரசீதா.

"அது எழுதியாச்சு. உங்க பழைய மூணு வரியவே போட்டுட்டேன். அதவிட நல்லா எனக்கு வரல." இதைச் சொல்லும்போது அவள் குரலில் பாசம் ஒரு சொட்டு இல்லை. வேலை தெரிந்தவள் வேலையைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை கேன்டீனில் கம்பெனி ஓணச் சாப்பாடு. வாழை இலை, அவியல், எரிசேரி, பருப்பு, உள்ளே தரையில் பூக்கோலமாக ஒரு பெரிய பூக்களம். அழைப்புகள் பழையபடி நாற்பதுக்கு இறங்கியிருந்தன. பாயசம் வருவதற்கு முன் குரியாக்கோஸ் சார் எழுந்து நின்று, போனைக் கையில் எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒரு விஷயம் படிக்கிறேன். 'இந்தப் பக்கம் இங்கே இல்லை. தவறு உங்களுடையது அல்ல. உங்களுக்கு என்ன வேண்டும்?' கேட்டீங்களா? ஒரு அம்மா போன் பண்ணி, இத எழுதின ஆள் நல்லா இருக்கணும்னு சொன்னாங்களாம். எழுதினது யாருன்னு கேட்டேன். ஒன்பது வருஷமா இங்கயே இருந்திருக்கு, எனக்குத் தெரியல. நம்ம பிரசீதா எழுதினது."

கை தட்டினார்கள். லிஜி விசில் அடித்தாள். பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், எல்லார் முன்னாலும். இதைத்தானே கேட்டாள் பிரசீதா? இப்போது அந்த மூன்று வரியில் நடு வரி மட்டும் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஓணம் முடியட்டும்னு சொன்னேன். எதுக்கு நீட்டணும்? வெப்சைட்டுக்கு இனிமே பிரசீதாதான்—"

"சாரே, வேண்டாம்." அவள் எழுந்துவிட்டாள். கையில் பருப்பும் சோறும். "அந்தத் தப்பு வெளியாறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் பார்த்தேன். நாலு தடவ அமுக்கிப் பார்த்தேன். பார்த்துட்டு நல்லா இருக்குன்னு மெயில் போட்டேன்."

யாரும் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான்.

"ஏன்?" என்றார் குரியாக்கோஸ் சார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"பொறாமை சார். வேற ஒண்ணுமில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினார். "உக்காரு. சாப்பாட்ட முடி," என்றார். பிரசீதா உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டாள். எரிசேரி மணலாக இறங்கியது. அனகா எதிர் வரிசையில் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள், ஒரு தரம்கூட நிமிரவில்லை.

ஓணம் விடுமுறை கழிந்து திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. வெப்சைட்டின் முழுப் பொறுப்பும் இனி அனகாவுக்கு. பிரசீதா அவளுக்குக் கீழே, எழுத்து வேலையில். ஒரு வருஷச் சம்பள உயர்வும் போனது.

சரி, உண்மையைச் சொன்னதும் மனசு லேசாகி, அந்தப் பெண் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் கிடையாது. மெயிலைப் படித்ததும் பிரசீதாவுக்கு அதே இடத்தில், அதே மாதிரி, பற்றிக்கொண்டு எரிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டபோது இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அவள் டிராயரைத் திறந்து கார்டை எடுத்தாள். போன் கேமராவில் QR கட்டத்தைக் காட்டினாள். வாரன்டிப் பக்கம் நேரே திறந்தது. பிறகு வேண்டுமென்றே உள்ளே நான்கு அறை தள்ளி ஒரு தப்பு முகவரியை அடித்தாள். அவளுடைய மூன்று வரி வந்தது, மூலையில் கட்டைவிரல் யானை நின்றது. சர்வீஸை அழுத்தினாள், சர்வீஸ் வந்தது. உதிரி ஜாரை அழுத்தினாள், அதுவும் வந்தது. போன் எண்ணை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணைத் தொட்டால் போன் தானாக அழைக்க வேண்டும், அதற்கான இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஒற்றப்பாலத்து அம்மா மாதிரி ஒருத்தர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அனகா பெரிய ஆள் ஆகி முதல் நாள், அதற்குள் ஒரு ஓட்டை!

மணி பத்து பன்னிரண்டு. பிரசீதா மெயிலைத் திறந்து, 'அனகா, வழி தப்பியவர்கள் பக்கத்தில் போன் எண் வேலை செய்யவில்லை, உடனே பார்,' என்று அடித்தாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. மணி பத்து பதின்மூன்றுக்கு அனுப்பிவிட்டாள்.